சாம்பல் அடித்தோம், நீலமாக நிற்கிறது

பெயிண்ட் கடையில் போய் "ஹாஃப் ஒயிட் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் பதில் பேசாமல் ஷேட் கார்டை எடுத்து, வெளிர் நிறங்கள் இருக்கும் பக்கங்களை விரித்து உங்கள் முன்னால் வைப்பார். வெள்ளையை ஒட்டியே வரிசை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். "எது சார் நல்லா போகுது?" என்று கேட்டு, அவர் விரல் வைத்த நிறத்தையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். சுவரில் இரண்டு கோட் ஏறி, இரவு லைட்டைப் போட்ட பிறகுதான் வயிற்றைக் கலக்கும்.

"என்னண்ணா, சாம்பல்னு சொல்லித்தானே வாங்கினோம்? நீலமா நிக்குதே!"

"டின்னுல சாம்பல்தான் மேடம் போட்டிருக்கு. நல்லா காயட்டும், சரியாயிடும்."

காய்ந்தாலும் சரியாகாது. ஆனால் பெயிண்டர் பொய் சொல்லவில்லை. டின்னில் இருப்பது சாம்பல்தான். அந்தச் சாம்பலுக்குள் கொஞ்சம் நீலமும் இருக்கிறது. கடையில் அது கண்ணில் படவில்லை, ஹாலில் பட்டுவிட்டது. பெயிண்ட் வட்டாரத்தில் அண்டர்டோன் என்று சொல்லும் இந்த உள்சாயலைப் பிடிக்கத் தெரியாமல்தான், 'எதோடும் ஒத்துப்போகும்' என்று நம்பி வாங்கிய நிறங்கள் எதோடும் ஒத்துப்போகாமல் நிற்கின்றன. பீஜ், சாம்பல், ஹாஃப் ஒயிட் மூன்றையும் நிறமில்லாத நிறங்கள் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அவை மிகமிக வெளிறிய மஞ்சள்கள், ரோஸ்கள், பச்சைகள், நீலங்கள்.

உள்சாயல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு டின்டிங் மெஷினையே பார்க்கலாம். கடைக்காரர் முதலில் வெள்ளை பேஸ் டின்னைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைப்பார். ஷேட் எண்ணைத் தட்டியதும் கறுப்பு, மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, நீலம், பச்சை என்று இருக்கும் சாயக்குழாய்களில் இரண்டு மூன்றிலிருந்து அளந்து சொட்டும். பீஜ் என்றால் பெரும்பாலும் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஆகிய மூன்றின் கூட்டணி. மஞ்சள் தூக்கலாக இருந்தால் சந்தன நிறத்துப் பக்கம் போகும். சிவப்பு கொஞ்சம் கூடினால் ரோஸ் அடிக்கும். சிவப்பைக் குறைத்து மஞ்சளோடு கறுப்பைக் கூட்டினால் பச்சை தட்டும். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பாசி நிறம் வரும் என்பது ஓவியம் வரைகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மூன்று டின்னிலும் 'பீஜ்' என்றுதான் எழுதியிருக்கும்.

சாம்பலில் இன்னொரு வேடிக்கை. வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சுத்தமான சாம்பல் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். விளக்குக்கரி போன்ற கறுப்பை வெள்ளையில் கலந்து பாருங்கள், நீலம் தட்டிய சாம்பல்தான் வரும். அந்த நீலத்தை அடக்கத்தான் மஞ்சள் ஆக்சைடோ பழுப்புச் சாயமோ கொஞ்சம் சேர்க்கிறார்கள். மஞ்சள் சேர்த்தால் சாம்பல் பச்சைப் பக்கம் சாயும். சிவப்பு ஆக்சைடு சேர்த்தால் ஊதாப் பக்கம் சாயும். இந்த ஊதாச் சாம்பல்தான் மிகவும் ஏமாற்றக்கூடியது. கார்டில் பார்க்கும்போது மென்மையாக, கதகதப்பாக இருக்கும். சுவரில் ஏறியதும் கத்தரிப்பூ நிறம் தலைகாட்டும்.

வெள்ளைக்கும் இதே கதைதான். சுண்ணாம்பு அடித்த காலத்தில் வாளியில் கொஞ்சம் நீலம் கலக்கிக்கொள்வார்கள், ஞாபகமிருக்கிறதா? வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான். சுண்ணாம்பின் மஞ்சளை அது தின்றுவிடும், சுவர் பளிச்சென்று இருக்கும். அளவு தவறினால் சுவரே வானமாகிவிடும் என்பதால் மேஸ்திரி ஒரு ஓரத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே தொடுவார். இன்றைய பெயிண்டில் வெள்ளையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதுவும் ஊதா ஒளியைச் சற்று விழுங்கிவிடுவதால் இம்மியளவு மஞ்சள் தட்டும். அதைச் சரிக்கட்டத்தான் 'பளிச் வெள்ளை' என்று விற்பவற்றில் துளி நீலம் சேர்ப்பது வழக்கம். ஆக, ஹாஃப் ஒயிட் என்பது வெள்ளையில் பாதி அல்ல. மஞ்சளோ, ரோஸோ, பச்சையோ, சாம்பலோ ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட வெள்ளை.

சரி, கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது? தனியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இதுதான் முக்கியமான விஷயம். ஒரு வெளிர் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண் கொஞ்ச நேரத்தில் அதையே 'வெள்ளை' என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் முதலாவதன் குணம் வெளியே வரும். எனவே ஒரு பீஜை மதிப்பிட நினைத்தால், அதனோடு இன்னும் இரண்டு பீஜ் கட்டங்களைப் பக்கத்தில் ஒட்டவைத்துப் பாருங்கள். ஒன்று நிச்சயமாக மஞ்சளாக இருக்கட்டும், இன்னொன்று நிச்சயமாக ரோஸாக இருக்கட்டும். நடுவில் இருப்பது எந்தப் பக்கம், அல்லது இரண்டும் இல்லாமல் பச்சையா என்பது உடனே பிடிபடும். சாம்பலுக்கு நீலம், பச்சை, ஊதா என்ற மூன்று சாட்சிகள் போதும்.

இங்கே பலரும் செய்வது, ஒரு ஏ4 தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வேறு வழியில்லாவிட்டால் செய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. ஜெராக்ஸ் தாளில் வெண்மையைக் கூட்டிக் காட்டும் ரசாயனம் சேர்ந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அது நீலமாக ஒளிரும். அதன் பக்கத்தில் வைத்தால் எந்த ஹாஃப் ஒயிட்டும் மஞ்சள் காமாலை வந்ததுபோலத் தெரியும், பாவம். அதைப் பார்த்து பயந்து இன்னும் வெளுத்ததைத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் ஆஸ்பத்திரி வெள்ளையில் போய் நிற்போம்.

ஷேட் கார்டிலேயே இன்னொரு வழி இருக்கிறது. பல கார்டுகளில் ஒரே பட்டையில் மேலிருந்து கீழாக வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை ஒரே குடும்பத்து நிறங்கள் இருக்கும். நீங்கள் எடுக்கப்போவது மேலே இருக்கிற கட்டம் என்றால் கீழே இருக்கிற அடர்ந்த கட்டத்தைப் பாருங்கள். மேலே 'ஏதோ ஒரு சாம்பல்' என்று தெரிந்தது கீழே பச்சைச் சிலேட்டாகவோ நாவல்பழ நிறமாகவோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா நிறுவனத்துப் பட்டைகளும் இப்படி ஒரே குடும்பமாக அமைவதில்லை, அதனால் இதை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிட வேண்டாம்.

எண்களோடு பழகியவர்களுக்கு இன்னும் திட்டமான வழி உண்டு. பெயிண்ட் நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் ஒவ்வொரு ஷேட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண்கள் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டாலும் திரையிலுள்ள நிறத்தைத் தொட்டு எண் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. மூன்றும் சமமாக இருந்தால் உள்சாயல் இல்லாத சாம்பல். உதாரணத்துக்கு மூன்று பீஜ்களைப் பார்ப்போம். 226, 216, 198 என்றால் நீலம் நன்றாகக் குறைந்து, பச்சை எண் நடுவில் நிற்கிறது. இது மஞ்சள் பீஜ். 226, 212, 204 என்றால் பச்சை எண் கீழே இறங்கி நீலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சிவப்பு தனியாகத் தூக்கி நிற்பதால் ரோஸ் பீஜ். 218, 214, 196 என்றால் பச்சை ஏறிச் சிவப்பை ஒட்டிக்கொண்டது; பச்சை பீஜ். சாம்பலில் கடைசி எண் பெரிதாக இருந்தால் நீலம், நடு எண் பெரிதாக இருந்தால் பச்சை, நடு எண் மற்ற இரண்டையும்விடச் சிறிதாக இருந்தால் ஊதா. பத்துப் புள்ளி வித்தியாசம் என்பது திரையில் ஒன்றுமில்லை. நான்கு சுவருக்கு அடித்தால் அதுவே ஊரைக் கூட்டும். ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ச்சுவரில் பட்டு, அங்கிருந்து மறுபடி திரும்பும்போது ஒவ்வொரு முறையும் அந்தச் சாயல் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. கட்டத்தில் கண்ணுக்குப் படாத நீலம் ஹாலில் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஆனால் திரை எண் வேட்பாளர்களை வடிகட்ட மட்டும்தான். முடிவெடுக்க அது போதாது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் தெரிந்தவர் ஒருவரின் அடுக்குமாடி வீடு, நான் மேலே சொன்ன உரையாடல் நடந்த ஹால். தரையில் பில்டர் போட்டுக்கொடுத்த இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ், ஐவரி நிறம். அதாவது மஞ்சள் சாய்ந்த ஹாஃப் ஒயிட். வாசலில் பாலீஷ் போட்ட தேக்குக் கதவு, நன்றாக ஆரஞ்சு அடிக்கும். ஜன்னல் யூபிவிசி, பளிச் வெள்ளை. சீலிங்கில் நான்கு எல்இடி, எல்லாம் 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் 'கூல் டே லைட்'. போனில் பார்த்த ஏதோ ஒரு வெளிநாட்டு வீட்டுப் படத்தை வைத்துக்கொண்டு, அதைப்போலவே ஒரு வெளிர் சாம்பலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்தச் சாம்பலில் இருந்தது கொஞ்சம் நீலம்தான். கடையில் பார்த்தபோது குறை சொல்ல முடியாத நிறம். வீட்டில் என்ன ஆயிற்று? பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ருல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின. அதைத் தொடர்ந்து அவர் 1839-ல் வெளியிட்ட நூல், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும் என்பதை விளக்கியது. மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் நீல ஊதாவாகத் தெரியும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது நீலமாகத் தெரியும். அந்த ஹாலில் கீழே மஞ்சள், பக்கத்தில் ஆரஞ்சு. போதாததற்கு மேலே நீலம் கலந்த வெளிச்சம். சாம்பலுக்கு வேறு வழியே இல்லை.

படத்தில் இருந்த வீட்டில் ஏன் நன்றாக இருந்தது என்றால், அங்கே தரை வெளுத்த மரம், கதவு வெள்ளை, தேக்கு கிடையாது. தெளிவாகச் சொன்னால் அந்தப் படத்திலிருந்து எடுத்துவர வேண்டியது சுவர் நிறம் அல்ல, தரைக்கும் சுவருக்கும் இருந்த உறவு.

அதனால் சுவரிலிருந்து தொடங்காதீர்கள். தரையிலிருந்து தொடங்குங்கள். பெயிண்டை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடலாம். டைல்ஸ், கிரானைட், கதவு, கிச்சன் லேமினேட் இதெல்லாம் நம்மோடு பல காலம் இருக்கப்போகிறது. முதலில் அவற்றின் உள்சாயல் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். வழி அதேதான்: ஷேட் கார்டைத் தரையில் படுக்கவைத்து, மஞ்சள், ரோஸ், பச்சை மூன்று ஹாஃப் ஒயிட்களையும் டைல்ஸின் மேல் நகர்த்திப் பாருங்கள். எது டைல்ஸோடு கரைந்துபோகிறதோ அது அதன் இனம். மற்ற இரண்டில் ஒன்று அழுக்காகவோ டைல்ஸை அழுக்காக்கியோ காட்டும். நம் ஊர்த் தரைகளில் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஐவரி டைல்ஸ் பெரும்பாலும் மஞ்சள், சில ரகங்கள் ரோஸ். கோட்டா கல் பச்சை சாய்ந்த சாம்பல். ரெட் ஆக்சைடு தரைக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் பச்சை நீலமாகத் திரும்பும், அங்கே மஞ்சள் சாய்ந்த ஹாஃப் ஒயிட்தான் காலங்காலமாக நிற்கிறது.

அந்த ஹாலுக்கு மூன்று நிறங்கள் வேட்பாளர்களாக வந்தன. ஒன்று மஞ்சள் பீஜ். டைல்ஸோடு சண்டை இல்லை, ஆனால் தரை, சுவர், கதவு எல்லாம் மஞ்சளாகிப் போய் ஹாலே சந்தனக் காப்பு சார்த்தியதுபோல ஆகிவிட்டது. இரண்டாவது ரோஸ் பீஜ். அது டைல்ஸின் பக்கத்தில் போனதும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி நிறமாக மாறியது. மஞ்சள் தரைக்குப் பக்கத்தில் ரோஸ் பீஜை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. நான் பார்த்த சொதப்பல்களில் பாதி இதுதான். மூன்றாவது, பீஜுக்கும் சாம்பலுக்கும் நடுவில், பச்சை மிக லேசாகத் தட்டும் நிறம். கிரேஜ் என்று பெயிண்ட்காரர்கள் சொல்வது. கார்டில் பார்த்தபோது வீட்டம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை, "சேறு மாதிரி இருக்கு" என்றார். தேக்குக் கதவின் நிலையை ஒட்டி வைத்ததும் கதவின் ஆரஞ்சு அதன் பச்சையை இழுத்துக்கொண்டு, அவர் முதலில் ஆசைப்பட்ட அந்த அமைதியான சாம்பலாக அது நின்றது. மஞ்சளும் ஆரஞ்சும் நிறைந்த நம் வீடுகளில் சாம்பல் வேண்டுமென்றால் சாம்பலை வாங்கக் கூடாது, பீஜ் பக்கம் ஒரு அடி தள்ளி வாங்க வேண்டும்.

இதைக் கடையிலேயே நின்று முடிவுசெய்ய முடியாது. சாம்பிள் டப்பா கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ஒரு லிட்டர் டின் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ட் அட்டையில் ஏ3 அளவுக்கு இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் விட்டுவிடுங்கள். பழைய சுவரின் நிறம் கண்ணைக் கெடுக்காமல் இருக்க அந்த ஓரம் வேண்டும். நேராகச் சுவரில் பட்டை பட்டையாக அடித்துப் பார்ப்பது வேண்டாம். ஒன்று, பழைய நிறத்தோடு ஒப்பிட்டுக் கண் ஏமாறும். இரண்டு, அட்டை என்றால் இடம் மாற்றி மாற்றி வைக்கலாம். அட்டையைத் தரையில் படுக்கப்போடாமல், சுவரில் செங்குத்தாக நிறுத்துங்கள். கீழ் ஓரம் டைல்ஸைத் தொடட்டும். பிறகு கதவு நிலைக்குப் பக்கத்தில், பிறகு ஜன்னலுக்கு எதிரில், பிறகு வெளிச்சம் குறைந்த மூலையில். காலை, மாலை நான்கு மணி, இரவு லைட் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். ஈரப் பெயிண்டை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், எமல்ஷன் காய்ந்தால் நிறம் சற்று மாறும்.

இரவு லைட்டில்தான் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். 6500 கெல்வின் எல்இடி எல்லாவற்றின் மேலும் நீலத்தைத் தெளிக்கும். 3000 கெல்வின் 'வார்ம் ஒயிட்' மஞ்சளைக் கூட்டும். பச்சை பீஜைக் கனிய வைக்கும், ரோஸ் பீஜை இன்னும் பழுக்க வைக்கும். நம்மில் பலருக்கு மஞ்சள் லைட் என்றாலே 'ஓட்டல் மாதிரி மங்கலாக இருக்கும்' என்ற மனத்தடை. அவர்களுக்கு 4000 கெல்வின் நல்ல நடுவழி. அந்த ஹாலில் பெயிண்ட்டைத் தொடுவதற்கு முன்பே நான்கு பல்புகளையும் மாற்றிப் பார்த்தோம். பாதி நீலம் அதிலேயே போய்விட்டது. மறுபடி பெயிண்ட் அடிக்கப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் இதைச் செய்துபார்ப்பது நல்லது.

ஜன்னல் திசை பற்றி இணையத்தில் ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது: வடக்கு ஜன்னல் அறைக்கு வெயிலே வராது, நீல வெளிச்சம்தான், எனவே மஞ்சள் சாய்ந்த நிறம் அடியுங்கள் என்று. அது லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் எழுதியது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அந்த நாலு மாதம் வடக்கு ஜன்னலிலும் வெயில் உண்டு. கன்னியாகுமரி பக்கம் போனால் இந்தக் காலம் இன்னும் நீளும். நம் ஊரில் திசையைவிட முக்கியம், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது. நான்கடி தள்ளிப் பக்கத்து வீட்டின் ஆரஞ்சுச் சுவர் இருந்தால் உள்ளே வருவது ஆரஞ்சு ஒளி. வாசலில் வேப்பமரம் இருந்தால் பச்சை ஒளி. பச்சை பீஜ் அடித்த அறைக்கு வெளியே மரமும் இருந்தால் இரண்டும் சேர்ந்து பாசி பிடித்த தொட்டியாக்கிவிடும். அங்கே பச்சையை விட்டுவிட்டு மஞ்சள் பக்கம் போகலாம்.

சுவர் நிறம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். நான்கு படி போதும்: சீலிங்குக்கு மிக வெளிறியது, சுவருக்கு அடுத்தது, சோபாவுக்கும் திரைக்கும் நடுத்தரம், ஒரு இடத்தில் மட்டும் அடர்த்தி. நான்கும் ஒரே உள்சாயலிலிருந்து வர வேண்டும், வெளிச்ச அளவு மட்டும்தான் மாற வேண்டும். அந்த வீட்டில் சீலிங்குக்கு முதலில் பளிச் வெள்ளைதான் யோசித்தார்கள். ஆனால் நீலம் தட்டும் வெள்ளை மேலே இருந்தால் கீழே ஐவரி டைல்ஸ் பழசாகி மஞ்சளித்ததுபோலத் தெரியும். எனவே டைல்ஸைவிட ஒரு படி வெளுத்த, அதே மஞ்சள் பக்கத்து ஹாஃப் ஒயிட். யூபிவிசி ஜன்னலை மாற்ற முடியாது. அதைத் தனியாக விடாமல் திரைத்துணியில் கொஞ்சம் வெள்ளை சேர்த்ததும் அது அந்நியமாகத் தெரியவில்லை. சோபாவுக்கு மணல் நிறம், டிவி பலகைக்குப் பச்சை தட்டும் அடர்ந்த பழுப்பு. கிச்சன் கறுப்பு கிரானைட் எதோடும் சண்டைபோடாது, அதைப்பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாம் ஒரே நிறமாகச் சலிப்பூட்டாதா என்று கேட்டார்கள். சலிப்பு வருவது ஒரே உள்சாயலால் அல்ல, எல்லாம் ஒரே வெளிச்ச அளவில் இருப்பதால். ஷேட் கார்டுகள் சிலவற்றில் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. சீலிங் 80-க்கு மேல், சுவர் 60 சொச்சம், அடர்ந்தது 20-க்குக் கீழ் என்று இடைவெளி விட்டால் கண்ணுக்கு வேலை இருக்கும்.

நிலைத்து நிற்பது என்பதில் ரசாயனமும் இருக்கிறது. மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு எல்லாம் இரும்புத் துரு இனம், வெயிலுக்கு அசையாதவை. அதனால் அவற்றால் ஆன பீஜ்கள் வெளிச்சுவரில்கூட வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பிரகாசமான சில கரிமச் சாயங்கள் வெயிலில் சீக்கிரம் வெளிறும். கலவையில் ஒன்று மட்டும் வெளிறினால் நிறம் குறைவதோடு சாயலும் திரும்பிவிடும். வெளிச்சுவருக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் ஃபார்முலாவைக் கேளுங்கள். பெரும்பாலும் மெஷின் திரையில் காட்டுவார்.

கதவு, ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கும் ஆயில் இனாமல் வேறு மாதிரி ஏமாற்றும். வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளிக்கும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கதவு வேறு நிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்று சுவரோடு பொருத்திய ஹாஃப் ஒயிட் இனாமல் இரண்டு மூன்று வருடத்தில் சுவரைவிட்டு விலகிப்போகும். கதவும் சுவரும் ஒரே வெளிர் நிறத்தில் வேண்டுமென்றால் கதவுக்கும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் இனாமல் அடிக்கச் சொல்லுங்கள், அது இப்படி மஞ்சளிக்காது.

கடைசியாகக் கடைக்குத் திரும்புவோம். ஒரு நிறுவனத்தின் ஷேட்டை இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் 'மேட்ச்' செய்து தருகிறோம் என்பார்கள். சாயங்கள் வேறு என்பதால் கடை டியூப்லைட்டில் அச்சாக ஒத்துப்போகும், உங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பிரிந்துவிடும். வெளிர் நிறங்களில் இந்தப் பிரிவு சுலபமாகத் தெரியும். எந்த நிறுவனத்தில் அட்டை அடித்துப் பார்த்தீர்களோ அதிலேயே, அதே பேஸில், அதே ஃபினிஷில் வாங்குங்கள். இரண்டு மூன்று டின் தேவையென்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுப் பெயிண்டர் தொடங்கட்டும், டின்னுக்கு டின் அரைச் சொட்டு வித்தியாசம் இருக்கும். மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஷேட் எண், பேஸ், தேதி. அரை லிட்டர் மிச்சம் பிடித்துக் காற்றுப் புகாமல் மூடிவையுங்கள். ஒரு வருடம் கழித்துச் சுவரில் குழந்தை கிறுக்கிவிட்டால் கிறுக்கிய இடத்தில் மட்டும் டச்சப் செய்தால் திட்டாகத் தெரியும். அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை ஒரு கோட் அடித்துவிட வேண்டும்.